சின்னத் தேயிலை யூனிட்டிலிருந்து போகும் முதல் மெயில்: சாம்பிள், குறைந்தபட்ச ஆர்டர், ஷிப்பிங்

கேள்வி: “கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு தேயிலை யூனிட் வைத்திருக்கிறோம். கையால் பறித்த இலை, இலையை முறுக்கித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் வகை மட்டும். ஒரு நாளைக்கு 20 கிலோ வரை தூள் வரும். வெளிநாட்டு இறக்குமதியாளர்கள் நிறையப் பேருக்கு மெயில் போட்டேன். நெட்டில் கிடைத்த ஒரு மெயிலைப் பார்த்து, ‘இலவச சாம்பிள் உண்டு, குறைந்தபட்ச ஆர்டர் 1 கன்டெய்னர், எஃப்.ஓ.பி. சென்னை’ என்று எழுதினேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் மட்டும் ‘எந்த லாட்டின் சாம்பிள்?’ என்று கேட்டார். ‘எங்கள் தரமான டீ’ என்று பதில் போட்டேன். அதோடு பேச்சே இல்லை. என்ன தப்பு, எப்படி எழுதணும்?”

குன்னூரில் ஒரு தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் பல வருடம் சாம்பிள் அனுப்புவதும் ஷிப்பிங் பேப்பர் போடுவதுமாக இருந்தவன் நான். அதனால் இதைத் தேயிலைக்கு மட்டும் சொல்கிறேன். மிளகு, ஏலக்காய் அனுப்புகிறவர்களுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு, அவர்களுக்கே உரிய டெஸ்ட் என்று வழி கொஞ்சம் வேறு.

அந்த ஜெர்மனிக்காரர் உங்களைச் சோதிக்கவில்லை. லாட் எண் இல்லாத சாம்பிளை அவரால் எதற்கும் பயன்படுத்த முடியாது, அதனால்தான் கேட்டார். தேயிலை வாங்குகிறவர் ‘உங்கள் டீ’யை வாங்குவதில்லை. இன்ன மாதம் தயாரித்த, இன்ன எண்ணுள்ள, இத்தனை கிலோ இருக்கிற ஒரு லாட்டை வாங்குகிறார். சாம்பிள், குறைந்தபட்ச ஆர்டர், ஷிப்பிங் என்று மெயிலில் தனித்தனியாக எழுதுகிற மூன்று விஷயங்களும் அந்த லாட்டைப் பற்றியவைதான். லாட் முடிவாகிவிட்டால் மற்ற இரண்டும் கணக்குப் போட்டாலே வந்துவிடும். உங்கள் மெயிலில் லாட்டே இல்லை, அதனால் மூன்று வரியும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

முதலில் லாட். ஒரு நாளைக்கு 20 கிலோ என்கிறீர்கள். சலித்துப் பிரித்த பிறகு அதில் முழு இலை கிரேடு ஒரு பங்குதான் இருக்கும், மீதி உடைந்த இலையும் தூளும். முழு இலை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உண்மையான அளவு வேறாக இருந்தால் இந்தக் கணக்கில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 300 கிலோ முழு இலை சேர 25 நாள் ஆகும். அந்த 25 நாளும் டீ ஒரே மாதிரி இருக்காது. ஜனவரியில் பனி விழுந்து வெயில் அடித்த நாளின் இலை ஒரு வாசனை தரும், இரண்டு நாள் மேகம் மூடியிருந்தால் வேறு வாசனை. வாட்டுவது முன்னே பின்னே ஆனாலும் கோப்பையில் தெரிந்துவிடும். அதனால் 25 நாள் தயாரிப்பையும் சுத்தமான தரையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, நன்றாகக் கலந்து, ஒரே லாட்டாக்கி எண் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் சாம்பிள் எடுக்க வேண்டும்.

பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கோத்தகிரி பக்கம் ஒரு சிறு தயாரிப்பாளர், மிக அருமையாக வந்த ஒரே நாள் தயாரிப்பிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பினார். வாங்குபவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் 200 கிலோ கேட்டார். போனது மூன்று வாரத் தயாரிப்பின் கலவை. அது மோசமான டீ இல்லை, ஆனால் அந்த ஒரு நாள் டீயும் இல்லை. அங்கே பிரித்துக் காய்ச்சிப் பார்த்துவிட்டு, பாக்கிப் பணத்தில் நான்கில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் சொன்னதற்குத் தயாரிப்பாளரிடம் பதிலே இல்லை, ஏனென்றால் அந்த ஒரு நாள் டீயில் கைவசம் ஒரு பிடிகூட அவர் வைத்திருக்கவில்லை.

சாம்பிள் எடுக்கும்போது கையை மேலாக விட்டு அள்ளக்கூடாது. மூட்டையில் பெரிய இலை மேலே நிற்கும், பொடி கீழே இறங்கிவிடும். நான்கைந்து மூட்டையில் மேல், நடு, அடி என்று எடுத்து ஒன்றாகக் கலந்து, அதை மூன்று பங்காக்குங்கள். ஒன்று வாங்குபவருக்கு. ஒன்று நீங்கள் காய்ச்சிப் பார்க்க. இன்னொன்றைச் சீல் வைத்துப் பத்திரமாக வையுங்கள், சரக்குப் போய்ச் சேர்ந்து பணம் வந்து புகார் ஏதுமில்லை என்று ஆகும்வரை அதைத் திறக்க வேண்டாம். வாங்குபவருக்கு 50 கிராம் போதும். டேஸ்ட்டிங்கில் 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் இலை போட்டு 6 நிமிடம் வைப்பது ஐ.எஸ்.ஓ. முறை, அதனால் 50 கிராமில் பல தடவை பார்த்துவிடலாம். உள்ளே அலுமினிய ஃபாயில் உள்ள பாக்கெட்டில் போட்டு ஓரத்தைச் சூடாக்கி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஸ்டேப்ளர் அடித்து அனுப்பினால் வழியிலேயே ஈரம் ஏறிவிடும். பாக்கெட்டின் மேல் லாட் எண், கிரேடு, தயாரித்த மாதம், அந்த லாட்டில் மொத்தம் எத்தனை கிலோ என்ற நான்கும் இருக்க வேண்டும். ஒன்று முக்கியம். நம் ஊரில் பாதிக் கடைகளிலும் யூகலிப்டஸ் தைலம் இருக்கும். தைலம் இருக்கும் அறையிலோ, மிளகு மூட்டை அடுக்கிய அறையிலோ சாம்பிளை பாக் செய்யாதீர்கள். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுத்துக்கொள்ளும், டேஸ்ட்டர் முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சாம்பிள் செலவு யாருடையது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது. டீ இலவசம், முதல் மூன்று சாம்பிள் வரை கூரியரும் என் செலவு, அதற்கு மேல் கேட்டால் உங்கள் கூரியர் கணக்கில் அனுப்புகிறேன் என்று எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ‘இலவச சாம்பிள்’ என்று மட்டும் எழுதினால், வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் கேட்பார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். 50 கிராம் சாம்பிளாக இருந்தாலும் அது உணவுப்பொருள்தான், அதனால் வந்து சேருவதற்கு முன்பே அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு முன்னறிவிப்பு பதிவாகியிருக்க வேண்டும். யார் பதிவு செய்வது என்று கூரியரிடமும் வாங்குபவரிடமும் கேட்டுவிட்டே பார்சலைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே நிறுத்திவைத்துவிடுவார்கள். அப்புறம் சுங்கக் குறியீடு. 3 கிலோவுக்கு மேற்படாத பாக்கெட்டில் போகும் பிளாக் டீக்கு 0902 30, மொத்தப் பெட்டியில் போனால் 0902 40. ஆகவே சாம்பிள் இன்வாய்ஸில் போட்ட எண்ணை அப்படியே ஆர்டர் இன்வாய்ஸிலும் போட்டுவிடாதீர்கள்.

இப்போது குறைந்தபட்ச ஆர்டர். ‘1 கன்டெய்னர்’ என்று எழுதியதுதான் அந்த மெயிலில் பெரிய பிழை என்று நினைக்கிறேன். நீளமாக முறுக்கிய முழு இலை எடைக்கு மிஞ்சி இடம் பிடிக்கும். நீங்களே ஒரு பெட்டி நிரப்பி அளந்து பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரமுள்ள அட்டைப் பெட்டியில் ஃபாயில் பை வைத்து நிரப்பினால் 12 கிலோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இலையின் முறுக்கைப் பொறுத்து இரண்டு கிலோ கூடலாம், குறையலாம். பெட்டியின் கொள்ளளவு 0.096 கன மீட்டர், அதாவது ஒரு கன மீட்டருக்கு 125 கிலோ. 20 அடி கன்டெய்னரில் பெட்டி அடுக்க உண்மையில் கிடைக்கும் இடம் சுமார் 28 கன மீட்டர். கணக்குப்படி 3,500 கிலோ. ஒரு நாளைக்கு 12 கிலோ முழு இலை எடுக்கிற உங்களுக்கு அது 290 நாளுக்கு மேல் வேலை. தேயிலை தெரிந்த எந்த இறக்குமதியாளரும் ‘கையால் பறித்த சிறு யூனிட்’, ‘குறைந்தபட்சம் 1 கன்டெய்னர்’ என்ற இரண்டையும் ஒரே மெயிலில் பார்த்தால், எழுதியவர் தயாரிப்பாளர் இல்லை, இடைத்தரகர் என்றே முடிவு செய்வார்.

அதற்காக ‘எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம்’ என்று எழுதவும் கூடாது. ஒரு ஷிப்மென்ட் போனால், அது 30 கிலோவானாலும் 300 கிலோவானாலும், சில செலவுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கஸ்டம்ஸ் ஏஜென்ட் கட்டணம், ஒரிஜின் சர்டிபிகேட், வாங்குபவர் கேட்டால் பூச்சி, பயிர்நோய் இல்லை என்று காட்டும் ஃபைட்டோசானிட்டரி சர்டிபிகேட், லேப் டெஸ்ட், கொச்சி வரை வண்டி. இதெல்லாம் சேர்ந்து 36,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம், உங்கள் ஏஜென்ட் சொல்லும் தொகையை அதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள். 3 பெட்டி, 36 கிலோ அனுப்பினால் கிலோவுக்கு 1,000 ரூபாய் அதிலேயே போய்விடும். 10 பெட்டி, 120 கிலோ என்றால் 300 ரூபாய். 25 பெட்டி, 300 கிலோ என்றால் 120 ரூபாய். அந்தச் செலவை உங்கள் விலை எந்த அளவில் தாங்குகிறதோ அதுதான் உங்கள் குறைந்தபட்ச ஆர்டர். இதை நெட்டில் தேடி எடுக்க முடியாது.

கப்பல் சரக்கிலேயே இன்னொரு இயற்கையான எல்லை இருக்கிறது. முழுக் கன்டெய்னர் எடுக்காமல் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்புவதை எல்.சி.எல். என்பார்கள். அதில் எடையைப் பார்ப்பார்கள், கன மீட்டரையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதற்குக் காசு. தேயிலைக்கு எப்போதும் கன மீட்டர்தான். சரக்கைச் சேர்த்துக் கப்பலுக்கு அனுப்பித் தரும் ஃபார்வர்டர்கள் பெரும்பாலும் குறைந்தது 1 கன மீட்டருக்கு வாங்கிவிடுவார்கள். உங்கள் 10 பெட்டி 0.96 கன மீட்டர். அதற்குக் கீழே போனாலும் கொடுக்கிற காசு அதேதான். ஆகவே 10 பெட்டி, 120 கிலோ என்பது உங்களுக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் அளவு. விமானத்தில் போனால் கணக்கு வேறு. பெட்டியின் கன சென்டிமீட்டரை 6000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாக எடுத்துக்கொள்வது வழக்கம், கூரியரில் 5000-ஆல் வகுப்பார்கள். அந்தப் பெட்டி 96,000 கன சென்டிமீட்டர். உள்ளே இருப்பது 12 கிலோ டீ, விமானத்துக்கு அது 16 கிலோ, கூரியருக்கு 19.2 கிலோ. வாங்குபவர் 36 கிலோ டீக்குக் கூரியரில் 57.6 கிலோவுக்குப் பணம் கட்டுவார். இதை மெயிலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் கொட்டேஷன் பார்த்து அவர் அதிர்ச்சியாக மாட்டார். இடத்தை மிச்சம் பிடிக்க இலையை அழுத்தி அடைத்தால் முறுக்கு நொறுங்கும், போய்ச் சேரும்போது கிரேடே மாறியிருக்கும்.

அடுத்தது எஃப்.ஓ.பி. சென்னை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை, பாலக்காடு வழியாக கொச்சி போவதை விட்டுவிட்டு, கோவையிலிருந்தே இன்னும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தாண்டி சென்னைக்கு ஏன் போக வேண்டும்? வாங்குபவருடைய ஃபார்வர்டர் சென்னையில்தான் சரக்குச் சேர்க்கிறார் என்றால் மட்டும் அது சரி. துறைமுகத்தைவிடப் பெரிய சிக்கல் அந்த எஃப்.ஓ.பி. என்ற சொல்லில்தான். அந்த விதிப்படி, சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு உங்களுடையது. ஆனால் எல்.சி.எல். சரக்கை நீங்கள் கப்பல் பக்கத்துக்கே கொண்டுபோவதில்லை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் ஃபார்வர்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவீர்கள். அங்கே அது நாட்கணக்கில் கிடக்கும். யாருடைய சரக்கோடு எந்தக் கன்டெய்னரில் அடைப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அந்த நாட்களில் மழைநீர் இறங்கினாலோ, பக்கத்தில் தோல் மூட்டையோ மசாலாவோ வைத்து வாசனை ஏறினாலோ, எஃப்.ஓ.பி. என்று எழுதியிருந்தால் நஷ்டம் உங்களுடையது.

இதனால்தான் கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எஃப்.சி.ஏ. போடச் சொல்கிறது இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வணிக விதித் தொகுப்பு. அதன்படி, வாங்குபவர் நியமித்த ஃபார்வர்டரிடம் குறிப்பிட்ட இடத்தில் நீங்கள் ஒப்படைத்ததுமே பொறுப்பு கை மாறிவிடும். இந்தியச் சுங்க அனுமதியை முடித்துத் தருவது உங்கள் வேலை. ஒப்படைக்கும் இடம் உங்கள் யூனிட் இல்லையென்றால், வண்டியில் சரக்கோடு போய் நின்றால் போதும், இறக்குவது அவர்கள் செலவு. இடத்தை ‘கொச்சி’ என்று மொட்டையாக விடாமல், ஃபார்வர்டர் பெயர் தெரிந்த பிறகு அவர் கிடங்கின் முகவரியோடு ஆர்டர் உறுதிக் கடிதத்தில் எழுதுங்கள். சில பழைய இறக்குமதியாளர்கள் பழக்கத்தால் எஃப்.ஓ.பி. விலைதான் கேட்பார்கள். மறுக்க வேண்டாம். கிடங்கிலிருந்து கப்பல்வரை உள்ள நாட்களுக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டு கொடுக்கலாம்.

சி.ஐ.எஃப். கேட்டால் மட்டும் நிதானமாக யோசியுங்கள். கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நீங்கள் கட்ட வேண்டும், ஆனால் அந்த விதி கேட்கிற குறைந்தபட்ச இன்சூரன்ஸ் மிகக் குறுகியது. கப்பல் மூழ்குவது, தீ போன்ற பெரிய விபத்துகளுக்குத்தான் அது. தேயிலைக்கு உண்மையில் வருகிற கேடு ஈரமும் வாசனையும், அவை அதில் வராது. விரிந்த பாலிசி எடுக்கிறேன் என்றோ எடுக்கவில்லை என்றோ எழுத்தில் இருக்கட்டும். அவர்கள் கடை வாசல்வரை வரியும் கட்டிக் கொண்டுவந்து தரச் சொல்லும் டி.டி.பி.யை முதல் ஆர்டரில் ஏற்காதீர்கள். வேறு நாட்டு வரியையும் அங்கே இறக்குமதியாளர் என்ற பொறுப்பையும் கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு உங்களால் சுமக்க முடியாது.

ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கு எழுதும்போது, சாம்பிள் பற்றிய பத்தியிலேயே பூச்சிமருந்து எச்சம் பற்றி ஒரு வரி இருந்தாக வேண்டும். தனி வரம்பு சொல்லப்படாத மருந்துகளுக்கு அங்கே பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நீங்கள் மருந்தே அடிக்காவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்துக் காற்று கொண்டுவந்து சேர்க்கலாம். நம் பகுதியில் அதிகம் பேர் கவனிக்காதது ஆந்த்ராகுயினோன். இது மருந்து அடிப்பதால் மட்டும் வருவதில்லை, விறகுப் புகையிலும் இருக்கிறது. விறகு எரித்து டிரையருக்குச் சூடு கொடுக்கிறீர்கள் என்றால், சூடேற்றும் குழாயில் விரிசல் விழுந்து புகை காற்றோடு கலந்து இலையில் படியலாம். தேயிலையில் இதற்கு ஐரோப்பிய வரம்பு 0.02 மில்லிகிராம். காய்ச்சிய டீயில் லேசாகப் புகை மணம் அடித்தால் டெஸ்ட்டுக்குக் கொடுக்கும் முன்பே டிரையரைப் பாருங்கள். மணமே இல்லாமலும் வரம்பைத் தாண்டலாம், அதனால் அங்கீகாரம் பெற்ற லேப் அறிக்கைதான் கடைசி வார்த்தை. அறிக்கையில் உங்கள் லாட் எண் இருக்க வேண்டும். போன வருட அறிக்கையை இந்த லாட்டுக்கு அனுப்பினால் அவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லா லாட்டுக்கும் முன்கூட்டியே டெஸ்ட் செய்ய முடியாவிட்டால், ‘சாம்பிள் பிடித்து ஆர்டர் உறுதியானதும், சரக்கு கிளம்பும் முன் இந்த லாட்டுக்கு டெஸ்ட் செய்து தருகிறோம், வரம்பைத் தாண்டினால் முன்பணம் திரும்பும்’ என்று எழுதுங்கள். இது நேர்மையான ஏற்பாடு. இதை ஏற்கும் இறக்குமதியாளர்களும் உண்டு, முன்பே அறிக்கை வேண்டும் என்று நிற்பவர்களும் உண்டு.

இதையெல்லாம் சேர்த்தால் மெயில் சின்னதாகத்தான் வரும். சப்ஜெக்ட் வரியில் இடம், பருவம், வகை, லாட் எண், அளவு ஐந்தும் வரட்டும்: ‘கோத்தகிரி, நீலகிரி: குளிர்கால ஆர்த்தடாக்ஸ் முழு இலை, லாட் 07, 300 கிலோ’. அதற்குக் கீழே நீங்கள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் சொல்கிறேன், வரிசையை மாற்ற வேண்டாம்.

“வணக்கம். நாங்கள் கோத்தகிரியில் சிறு ஆர்த்தடாக்ஸ் யூனிட் நடத்துகிறோம். எங்கள் தோட்ட இலையை நாங்களே கையால் பறித்து, நாங்களே தயாரிக்கிறோம். ஜனவரியில் தயாரித்த முழு இலை லாட் 07 இப்போது கையிருப்பில் உள்ளது. மொத்தம் 300 கிலோ, முழுவதும் கலந்து ஒரே லாட்டாக்கியது.

“விரும்பினால் இந்த லாட்டிலிருந்தே எடுத்த 50 கிராம் சாம்பிளை எங்கள் செலவில் அனுப்புகிறோம். அதே சாம்பிளின் ஒரு பங்கு எங்களிடம் சீல் வைத்து இருக்கும். சாம்பிள் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாள் உங்களுக்காக 120 கிலோ ஒதுக்கி வைப்போம். அதன் பிறகு, விற்காமல் மீதமிருந்தால் தருவோம். ஆர்டர் உறுதியானதும் பெட்டியில் அடைத்த சரக்கிலிருந்து இன்னொரு சாம்பிள் வரும். நீங்கள் சம்மதம் சொன்ன பிறகே சரக்குக் கிளம்பும். எச்ச அறிக்கை இந்த லாட் எண்ணோடு தரப்படும்.

“வழக்கமான குறைந்தபட்ச ஆர்டர் 10 பெட்டி, 120 கிலோ, சுமார் 1 கன மீட்டர். முதல் முயற்சிக்கு 3 பெட்டி, 36 கிலோ தரலாம். அதன் விலை வேறு, விமானத்திலோ உங்கள் கூரியர் கணக்கிலோ போகும். பெட்டி அளவு 60, 40, 40 சென்டிமீட்டர், நிகர எடை 12 கிலோ. கூரியர் கொள்ளளவு எடை பெட்டிக்கு 19.2 கிலோ.

“விலை நிகர எடைக்கு, கிலோவுக்கு இத்தனை டாலர், எஃப்.சி.ஏ. கொச்சி, இன்கோடெர்ம்ஸ் 2020. விமானத்துக்கு எஃப்.சி.ஏ. கோவை விமான நிலையம். இந்த விலை 30 நாள் செல்லும். ஆர்டரின்போது 30 சதவீதம், மீதி சரக்கு கிளம்பும் முன் சாம்பிள் சம்மதமானதும்.”

அவ்வளவுதான். கடைசி வரியைப் பற்றி மட்டும் ஒன்று. மீதியைச் சரக்குக் கிளம்பும் முன் கேட்பது உங்களுக்குப் பாதுகாப்பு, ஆனால் தெரியாத ஒரு தயாரிப்பாளருக்கு முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வாங்குபவர் தயங்குவார். டாக்குமென்ட் நகல் பார்த்ததும் மீதி தருகிறேன் என்று அவர் கேட்டால், 120 கிலோ அளவில் நான் ஒப்புக்கொள்வேன். 300 கிலோவுக்கு மாட்டேன். வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்கும் எல்.சி. போடலாமா என்று கேட்பார்கள், இந்த அளவுக்கு இரண்டு பக்க வங்கிக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும்.

ஒரே லாட்டின் சாம்பிளைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ஒரே வாரத்தில் இருவர் சரி என்று சொல்லலாம். 300 கிலோவில் இரண்டு 120 ஒதுக்கலாம், மூன்றாவதற்கு இடமில்லை. அதனால் யாருக்கு எந்தத் தேதியில் சாம்பிள் போனது, ஒதுக்கீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒதுக்கீடு முடிவதற்கு மூன்று நாள் முன் ஒரு வரி மெயில் போடுங்கள். ‘சாம்பிள் பிடித்ததா’ என்று கேட்பதைவிட, ‘உங்களுக்கு ஒதுக்கிய 120 கிலோ வரும் வெள்ளிக்கிழமை விடுவிக்கப்படும்’ என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம், பிடிக்கவில்லை என்ற பதிலாவது வரும். அப்படி வந்தால் என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள், டேஸ்ட்டர்கள் பெரும்பாலும் சொல்வார்கள்.

மெயிலை அனுப்பும் முன் உங்கள் பெயரில் ஏற்றுமதி, இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண்ணும் டீ போர்டின் ஏற்றுமதி உரிமமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரிமத்துக்குக் குன்னூரில் உள்ள டீ போர்டு அலுவலகத்தில் கேட்கலாம். இல்லாவிட்டால் உரிமம் உள்ள ஏற்றுமதியாளர் வழியாகத்தான் சரக்குப் போக வேண்டும். அப்படியானால் இன்வாய்ஸில் வரும் பெயரும் பணம் போக வேண்டிய கணக்கும் அவருடையதாக இருக்கும். அதை முதல் மெயிலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பணம் அனுப்பும் நேரத்தில் புதுப் பெயரில் வங்கிக் கணக்கு வந்தால், மோசடி என்று நினைத்து அவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.